மரியரட்ணத்தின் நிறக்கொப்பி

செவ்வாய்க்கிழமை மாலை மரியரட்ணத்தின் மனைவி மேரிகிறேஸ் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எங்கட பிளேன் கோபன்ஹேகனில இறங்குதாம். வேற நாளில ரிக்கற் இல்லையாம். நீங்கள் வந்து நிப்பீங்கள்தானே?"

"நிப்பன், மேரி. கட்டாயம் நிப்பன்."

"பிள்ளை உங்கட படத்தைக் கையில வச்சுக்கொண்டுதான் திரியுது. அப்பா எங்க நிப்பார், எந்தப் பக்கம் நிப்பார் எண்டு கேட்டு என்னைக் கொல்லுது."

நிறோஷினிக்கு நாலு வயது. மரியரட்ணம் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது அவள் தாயின் வயிற்றில் இருந்தாள். மகளின் முகத்தை அவன் கடிதத்தில் வந்த படங்களில்தான் பார்த்திருக்கிறான். மனைவியையும் மகளையும் தன்னிடம் கூப்பிட அவன் எண்பத்தேழில் விண்ணப்பம் போட்டிருந்தான். அந்த நாட்களில் டென்மார்க்கில் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் அப்படியே முடங்கிக் கிடந்தன. எண்பத்தொன்பது பிறந்த பிறகுதான் ஒவ்வொன்றாக அசைந்தன. போன மாதம் அவனுடையதும் அசைந்தது.

புதன் காலை, வைலே நகரின் பெயின்ற் கடையில் முதலாளி ஐனர் கதவைத் திறந்த உடனேயே மரியரட்ணம் லீவு கேட்டான்.

ஐனர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வெள்ளிக்கிழமையா? பெந்தேகோஸ்து விடுமுறைக்கு முதல் நாளா? பாதி ஊரே அன்றைக்குத்தான் யன்னலுக்குப் பெயின்ற் வாங்க வரும். நிற மேசையில் நிற்க உன்னைவிட்டால் ஆள் இல்லையே!"

உண்மைதான். மற்றவர்கள் தூரிகையும் சுவர்த்தாளும் விற்பார்கள். நிறம் கலக்கிற மேசை மரியரட்ணத்தினுடையது. ஒரு கிழவி பழைய யன்னலில் சுரண்டிய சிறு சில்லைக் கொண்டு வந்து நீட்டுவாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். வெள்ளைப் பெயின்ற் வாளிக்குள், பம்பில் குறித்த அளவுக்கோட்டின்படி, கறுப்பு இத்தனை கோடு, மண்மஞ்சள் இத்தனை கோடு என்று பம்பை அழுத்துவான். வாளியைக் குலுக்கும் இயந்திரத்தில் பூட்டுவான். அட்டையில் ஒரு பூச்சுப் பூசி, சூடான காற்றில் காயவைத்து, சில்லோடு ஒட்டிப் பார்ப்பான். சரிவந்த கணக்கைக் கொப்பியில் எழுதிவைப்பான். மறுவருடம் அதே கிழவி வந்தால் அதே நிறம் கொடுக்க வேண்டுமே!

"நாலு வருசம் காத்திருந்தேன், ஐனர். பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை."

"எனக்கு நெஞ்சில்லை என்று நினைக்காதே. ஆனால் எத்தனையோ பேர் கோபன்ஹேகனில் இறங்கித் தனியாக ரயிலில் வருகிறார்கள். இரண்டு நாளைக்கு முன் சொன்னால் நான் யாரைத் தேடுவேன்?" ஐனர் யோசித்தார். "சரி, கொப்பியைத் தா. நானே ஒரு நாளைக்குச் சமாளிக்கிறேன். பழைய நிறங்களையாவது கொடுக்கலாம்."

மரியரட்ணம் தயங்கித் தயங்கிக் கொப்பியை நீட்டினான்.

போன வருடம் ஐனர் கணக்குகளையெல்லாம் கடை அட்டைகளில் டெனிஷில் எழுதச் சொல்லியிருந்தார். இவன் தலையாட்டினான், எழுதவில்லை. வேலை போனால் மனைவியின் விண்ணப்பமும் போய்விடும் என்று யாரோ கிளப்பிய கதையை நம்பி, தன்னை யாரும் விலக்க முடியாதபடி செய்து வைத்திருந்தான். அதற்காக அவன் கட்டிய மதில்தான் அந்தக் கொப்பி.

ஐனர் கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். கடைசி வரைக்கும் தமிழ்.

"இரண்டு வருடம்," என்றார் மெதுவாக. "என் கடையில், என் வாடிக்கையாளர்களின் நிறங்கள். எனக்கே வாசிக்கத் தெரியாத எழுத்தில்."

அவர் சத்தம் போட்டிருந்தால் மரியரட்ணம் தாங்கியிருப்பான். அந்த மெல்லிய குரல்தான் கன்னத்தில் அறைந்தது.

"இதை வேறு யார் வாசிப்பார்?" என்று கேட்ட ஐனரின் கண்கள் களஞ்சியப் பக்கம் திரும்பின. அங்கே வாளிகளை அடுக்கிக்கொண்டு நின்றார் கதிர்காமு. மட்டக்களப்பார், மரியரட்ணத்தைவிடப் பத்து வயது மூத்தவர். "அவன் வாசிப்பான். ஆனால் அவனுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வராது என்று நீதானே சொன்னாய்? மேசைக்கு இரண்டாவது ஆளாகப் பழக்குவோம் என்று போன குளிர்காலத்தில் நான் கேட்டபோது, கண் பழுது என்றாயே."

கதிர்காமுவின் கையிலிருந்த வாளி 'டக்'கென்று தரையில் இறங்கியது. அவருக்கு டெனிஷ் பேச வராவிட்டாலும் கேட்டால் விளங்கும்.

மரியரட்ணத்தால் நிமிர முடியவில்லை. இந்த மனிதர் வீட்டுச் சோற்றை எத்தனை நாள் தின்றிருப்பான்! ஊரில் இருக்கும் அவர் மனைவி திரேசா அக்காவின் விண்ணப்பம் இன்னும் அசையாமல் கிடக்கிறதே என்று எத்தனை தரம் அவருக்கு ஆறுதல் சொல்லியிருப்பான்!

"என்ர கண்ணா பழுது, தம்பி?" என்றார் கதிர்காமு தமிழில்.

"அண்ணை... பயத்தில சொன்னன். உங்களுக்குப் பழக்கினால் என்னை நிப்பாட்டிப் போடுவினமோ எண்டு..."

"மாரி முழுக்கக் குளிருக்க வாளி தூக்கினன். எனக்கு ஏன் ஒரு வழியும் வருகுதில்லை எண்டு திரேசா கும்பிடுற மாதாட்டக் கேட்டன். மாதா என்ன செய்வா, நீ நடுவில நிண்டிருக்கிறாய்!"

மரியரட்ணம் அழுதுவிட்டான். முப்பத்துநாலு வயது ஆண்மகன், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில், முதலாளி பார்த்திருக்க, குலுங்கிக் குலுங்கி அழுதான். கதிர்காமு அவனைத் தேற்றவில்லை. வாளியைத் தூக்கி அடுக்கில் வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"எத்தினை மணிக்குப் பிளேன்?"

"ஒரு மணிக்கு, அண்ணை."

"பிள்ளை என்ன பாவம் செய்தது? கொப்பியைக் கொண்டு வா."

ஐனர் ஒரு நிபந்தனை போட்டார். வியாழன் பின்னேரத்துக்குள் கணக்கெல்லாம் டெனிஷ் அட்டைகளில் ஏற வேண்டும். கதிர்காமு தன் கண்முன்னே ஒரு நிறம் கலந்து காட்ட வேண்டும். காட்டினால் லீவு. இல்லையென்றால் இல்லை.

அன்று கடை பூட்டிய பிறகு இருவரும் நிற மேசையடியில் குந்தினார்கள். மரியரட்ணம் வாசித்து அட்டையில் டெனிஷில் எழுத, கதிர்காமு பம்பை அழுத்திப் பழகினார். வாடிக்கையாளர்களுக்கு இவன் வைத்திருந்த பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"மூக்கன், கராஜ் கதவு, கறுப்பு மூண்டு கோடு."

"கார்ட்டில மூக்கன் எண்டேயோ எழுதப்போறாய்?" கதிர்காமு முகத்தில் சிரிப்பில்லை. "எனக்கு என்ன பேர் வச்சிருக்கிறாய்? குருடன் எண்டோ?"

மரியரட்ணம் மூக்கனின் உண்மைப் பெயரை அட்டையில் எழுதினான்.

வியாழன் பின்னேரம், எழுதி முடித்த அட்டைகளுக்குப் பக்கத்தில் ஐனர் ஒரு சில்லை வைத்தார். கொப்பியில் இல்லாத நிறம். சாம்பல் கலந்த பச்சை. மரியரட்ணத்தைக் கிட்ட வர விடவில்லை. கதிர்காமு சில்லை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அழுத்தினார், குலுக்கினார், பூசினார், காயவைத்தார். ஒட்டிப் பார்த்ததில் பச்சை தூக்கலாக இருந்தது. மரியரட்ணம் லீவைக் கைகழுவிவிட்டான். போச்சு! மகள் அந்தப் படத்தோடு அவனைத் தேடிக்கொண்டு நிற்கப்போகிறாள்!

கதிர்காமு அவசரப்படவில்லை. சிவப்பில் அரைக் கோடு விட்டார். மறுபடி குலுக்கினார், பூசினார், காயவைத்தார்.

சில்லு எங்கே முடிகிறது, பூச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பச்சையை அடக்கச் சிவப்பு! மரியரட்ணம் அதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் எடுத்தது.

"போ," என்றார் ஐனர் அவனிடம். கதிர்காமுவிடம் சொன்னார்: "திங்கள் விடுமுறை. செவ்வாயிலிருந்து நீயும் மேசையில்தான்."

வெள்ளிக்கிழமை அதிகாலை ரயிலேறி, கப்பலில் கடல் கடந்து, கோபன்ஹேகனில் பஸ் பிடித்து, ஒரு மணிக்கு முன்பே விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவடியில் நின்றான் மரியரட்ணம். ஒன்றரைக்கு மேரிகிறேஸ் வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம். படத்தைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

அரை மணி கழித்து அவன் தொலைபேசிக் கூண்டிலிருந்து கடைக்கு அழைத்தான். மறுமுனையில் கதிர்காமு; பின்னால் குலுக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.

"வந்திட்டினம், அண்ணை."

மறுமுனையில் இயந்திரம் நின்றது.

"பிள்ளை என்ன நிறத்தில சட்டை போட்டிருக்கு?"

"பச்சை, அண்ணை."

"என்ன பச்சை? சரியாப் பார்த்துச் சொல்லு. என்ர கண்தான் பழுது."

மரியரட்ணம் திரும்பி மகளைப் பார்த்தான். கண்ணீர் மறைத்ததில் அவனுக்கு ஒரு நிறமும் தெரியவில்லை.