டாலர் வாடகைக்குக் கீழ்வரம்பு வேண்டாம் என்றேன்

லூனாஸில் நாங்கள் வாங்கிப்போட்ட வீட்டுக்கு வங்கித் தவணை மாதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வெள்ளி. ரிங்கிட் என்று எழுதுவோம், வெள்ளி என்று பேசுவோம். மலேசியாவில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாடகையை வைத்தே தவணையைக் கட்டிவிடலாம் என்பது என் திட்டம். என் வீட்டுக்காரருக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை.

"வாடகையில துண்டு விழுந்துச்சுன்னா வீட்ட வித்துடுவோம். என் சம்பளத்துல ரெண்டு வீட்டத் தூக்க முடியாது லா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"உங்ககிட்ட ஒரு வெள்ளி கேட்டா என்னன்னு கேளுங்க" என்றேன் நான். எனக்கு வாய் நீளம். அதற்கு உண்டான விலையையும் அவ்வப்போது கொடுத்துத்தான் வந்திருக்கிறேன்.

குளிமில் தொழிற்சாலைகள் பெருகியதிலிருந்து வெளிநாட்டு எஞ்சினியர்கள் இந்தப் பக்கம் வீடு தேடி வருகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் கோயம்புத்தூர்க்காரர். அமெரிக்கக் கம்பெனி, சம்பளமும் டாலர், வீட்டுப்படியும் டாலர். அதனால் வாடகையையும் மாதம் எழுநூறு டாலர் என்றே பேசலாம் என்றார். பணம் என்னவோ வெள்ளியாகத்தான் கைக்கு வரும். மாதத்தின் முதல் வேலை நாளன்று வங்கி ஒரு டாலரை என்ன விலைக்கு வாங்குகிறதோ, அந்த விலையில் பெருக்கிப் போடுவார். அப்போது டாலர் நான்கு வெள்ளி எழுபது காசை ஒட்டி இருந்தது. மூவாயிரத்து இருநூறுக்கு மேல் வருகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டு ஏஜண்டு ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். அதில் இரண்டு வரம்புகள் இருந்தன. டாலர் எவ்வளவு ஏறினாலும் வாடகை மூவாயிரத்து நானூறு வெள்ளியைத் தாண்டக் கூடாது. அது குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு. டாலர் எவ்வளவு இறங்கினாலும் மூவாயிரத்துக்குக் குறையக் கூடாது. அது எனக்குப் பாதுகாப்பு. இப்படி மேலும் கீழும் வேலி போடுவதுதான் முறை என்றார்.

பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் 'குறைந்தால்', 'இறங்கினால்' என்று இவர் படித்துக்கொண்டே போனது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"அண்ணே, நல்ல நேரத்துல கொறையறதப் பத்தி எதுக்கு எழுதுறீங்க? அந்த வரிய எடுத்துடுங்க" என்றேன்.

"அக்கா, அது உங்க நல்லதுக்குத்தான் போட்டிருக்கு" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க, இருந்துட்டுப் போகட்டும்."

"டாலராவது, எறங்கறதாவது! நான் சின்ன பிள்ளையா இருந்ததுலேர்ந்து பார்க்கிறேன் தம்பி, ஏறிக்கிட்டேதான் இருக்கு."

ஏஜண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் நானும் கோயம்புத்தூர்க்காரரும் சுருக்கொப்பம் போட்டோம். மேல்வரம்பு மட்டும் அப்படியே நின்றது. ஏறினால் எனக்கு ஓரளவுக்கு மேல் கிடைக்காது, இறங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். உலகத்தில் எந்த வீட்டுக்காரியும் கேட்டு வாங்காத ஒப்பந்தம். இரண்டு வருஷத்துக்கு.

முதல் சில மாதங்கள் ராஜபோகம். ஒன்றாம் தேதியோ அதற்கடுத்த நாளோ, வங்கி விலையைப் படம் பிடித்து அனுப்புவார்; பின்னாலேயே பணம் வரும். தவணை போக மிஞ்சியதை வீட்டுக்காரர் கண்முன்னால் எண்ணிக் காட்டினேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் பாதி தாண்டியதும் டாலர் சறுக்க ஆரம்பித்தது. மூன்றே மாதத்தில் வாடகை மூவாயிரத்துக்குக் கீழே வந்தது. பிறகு கொஞ்சம் ஏறி ஆசை காட்டிவிட்டு, மறுபடியும் இறங்கியது. செய்தியில் வெள்ளி வலுவடைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நாடே மகிழ்கிற நேரத்தில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து வயிறெரிந்தேன். டாலர் நான்கு வெள்ளி இருபது காசானபோது தவணைக்குப் பத்து வெள்ளி குறைந்தது. நான்கு வெள்ளிக்கு வந்து நின்றபோது எழுநூறு டாலர் இரண்டாயிரத்து எண்ணூறு. மாதம் நூற்றைம்பது வெள்ளி துண்டு.

வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் விற்றுவிடலாம் என்பார். கிளினிக்கில் நான் வாங்குகிற சம்பளத்திலிருந்து குறைகிற பணத்தைப் போட்டுக் கடன் கணக்குக்கு அனுப்பிவிடுவேன். தீபாவளிக்குச் சேலை எடுக்கவில்லை. "இருக்கிறதையே கட்டி முடியல" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தும் அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். "அக்கா, அக்ரிமென்ட் விஷயமா நேர்ல பேசணுங்க." காலி செய்யப் போகிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் முழுத் தவணையும் என் தலையில். வீடு போய்விட்டது என்று நினைத்தபடியே கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

அவர் காபி கொடுத்துவிட்டு நெளிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனில எங்களையெல்லாம் லோக்கல் காண்ட்ராக்டுக்கு மாத்திட்டாங்க. இனி சம்பளம், வீட்டுப்படி எல்லாமே ரிங்கிட்டுலதான். படி மூவாயிரத்து நூறு. டாலர் திரும்ப ஏறுச்சுன்னா எனக்குக் கட்டுபடியாகாதுங்க. உங்களுக்கு டாலர்னா பிடிக்கும்னு தெரியும்... இருந்தாலும், வாடகைய ரிங்கிட்டுலயே வெச்சுக்கலாங்களா?"

எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஆடவில்லை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"கஷ்டம்தான் தம்பி" என்றேன். "ஆனா நீங்க சுத்தமா வச்சிருக்கீங்க. மூவாயிரத்து நூறே குடுத்துடுங்க."

"மூவாயிரம்" என்றார்.

மூவாயிரத்து ஐம்பதில் முடிந்தது. சாலைமுனை திரும்பும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகு காருக்குள் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோடு போட்டு அடித்தது, குறைந்தது, கையிலிருந்து கட்டியது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அவர் போனை எடுத்து வீட்டுக்கடன் கணக்கைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் பணம் அனுப்புவதோடு சரி, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. தவணைக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி முன்பணமாக நின்றது. குறைந்த ஒவ்வொரு மாதமும் என் பணத்துக்குக் கீழே இன்னொரு சின்னத் தொகை. எல்லாம் அவர் கணக்கிலிருந்து போனவை.

"வேலைக்குப் போற வழியில மணி சேஞ்சர் போர்டத் தினமும் பார்க்கிறேன். எழுநூறால பெருக்கத் தெரியாதா எனக்கு?" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல? விக்கணும்னு நின்னது நீங்கதானே?"

"சொன்னா, என் காசு வேணாம்னு நீயே வித்துடுவ. உன் ரோஷம் எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கத்த வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. என் வாய்க்குப் பயந்து அல்ல, என் வீடு என்னிடமே இருக்கட்டும் என்று அந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தவணையில் அந்த முன்பணத்தைக் கழித்துக்கொள்ளலாம், வாடகையில் மிஞ்சுவதில் எனக்கு ஒரு சேலை எடுத்துத் தாருங்கள் என்றேன். பாதி அவருடைய பணம், பாதிச் சேலைதான் வரும் என்றார்.