சாமியறையில் நூற்றுப் பதினாறு

பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, லண்டன் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பெடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் வேலை இல்லை என்று முதலே சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்து எனக்கு விசர் பிடித்திருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும்.

கணவர் நெல்லியடிக்குப் போய் ஒரு ரவுட்டரும் டேட்டா சிம்மும் வாங்கிவந்தார். கடைக்காரரே சிம்மைப் போட்டு, அதற்குரிய இணைப்பு விவரங்களையும் பதிந்து கொடுத்திருந்தார். அது டேட்டாவுக்கு மட்டுமான சிம், கதைக்க முடியாது என்று சொல்லியும், கணவர் அதற்கு ஒரு மிஸ்ட் கோல் அடித்துப் பார்த்தார். ஆளின் குணம் அது.

எங்கள் டப்லெட் கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் சிக்னலின் அளவு எண்ணாகத் தெரிந்தது. அறை அறையாக ரவுட்டரைக் கொண்டுபோய் வைத்து, கொஞ்சம் பொறுத்து, எண்ணை எழுதினோம். வடக்கு யன்னலில் எண்பத்தொன்பது. குசினியில் நூற்றொன்று. நடுவீட்டுச் சாமியறையில், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில், நூற்றுப் பதினாறு!

"பாத்தீரோ, எல்லாம் முருகன்ரை கிருபை," என்று சொல்லி, கணவர் ரவுட்டரை அங்கேயே இருத்தி, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை என் தங்கையோடு வீடியோவில் கதைத்துப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். குரல் துண்டு துண்டாக வந்தது. எனக்கு வந்த கோபத்தில் கணவரை நன்றாக ஏசிவிட்டு, கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"ஆகக் கூடின இடத்திலைதான் வைச்சிருக்கிறம். நூற்றுப் பதினாறு."

"அக்கா, முன்னாலை ஒரு கோடு கிடக்கே?"

"ஓம், கிடக்கு."

"அது மைனஸ், அக்கா. பூச்சியத்துக்குக் கிட்ட வர வரத்தான் நல்லம். நீங்கள் ஆகக் கூடாத இடத்திலை வைச்சிருக்கிறியள்."

எத்தனை பிள்ளைகளுக்கு மைனஸ் அடையாளத்தை விட்டதற்காகப் புள்ளி குறைத்திருப்பேன்! வெட்கத்தில் நன்றி சொல்லவும் மறந்து போனை வைத்தேன். கணவர் பொட்டு அழியாமல் ரவுட்டரைத் தூக்கிப்போய் வடக்கு யன்னலின் மேல்தட்டில் வைத்தார். அந்தப் பக்கம்தான் போன் கம்பனியின் ரவர். என் மேசையையும் அங்கேயே இழுத்துப் போட்டோம்.

சனிக்கிழமை வகுப்பு ஒரு சொல்லும் தவறாமல் போனது. முடிவில் பிள்ளையின் தாய் திரைக்கு வந்தார்.

"ரீச்சர், அடுத்த கிழமையும் இதே நேரம்தானே?"

வேலை கிடைத்த சந்தோசத்தில், மேல்தட்டில் பொட்டோடு இருந்த ரவுட்டரையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹலோ? ரீச்சர், லைன் கட்டாப் போச்சோ?"

"இல்லை, பிள்ளை," என்றேன். "லைன் நல்லாத்தான் இருக்கு."