கூர்முனையில் விட்ட சக்தி

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் சொல்லும். அன்று காலை பலாலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அது சொல்லத் தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்ற சனத்தைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இவர்களில் ஒருவருக்கும் இன்றைக்கு நேர்முகம் இல்லை. கொடுத்து வைத்தவர்கள்.

பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இனி நீட்டிக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. அதற்குப் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர்: நானும், எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்து, அதே அறையில் என்னைப் போலவே தற்காலிகமாக எதிர் மேசையில் இருந்த அண்ணையும். கிடைக்காவிட்டால் நான் பருத்தித்துறைக்குத் திரும்பி ரியூசன் கொடுக்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் குவாண்டம் பொறிமுறையை விட்டுப் போக எனக்கு மனம் இல்லை, அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவின் முன் ஒரு சிறு பாடம் நடத்த வேண்டும், பிறகு கேள்வி கேட்பார்கள். தலைப்பை முதல்நாள்தான் தந்தார்கள், இருவருக்கும் ஒன்றே: தனி டெல்டாக் கவர்ச்சி அழுத்தத்தின் கட்டுண்ட நிலை. போட்டிக்காரர் இருவரும் ஒரே வெண்பலகையில் சேர்ந்து பழகியதைப் பார்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளர் சிரித்தார். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று வருடமாக எல்லாவற்றையும் அப்படித்தான் படித்திருந்தோம். அவர் வழி என் வழி, அவருடைய குறியீடுகூட என்னுடையதுதான்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நான்கு பேர். மூன்று பேர் எங்கள் ஆட்கள். நாலாவது, கொழும்பிலிருந்து வந்த பேராசிரியை. மெல்லிய குரல், வெள்ளைத் தலை, கையில் பேனைகூட இல்லை. அந்த வெறும் கையைப் பார்த்துத்தான் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

பாடம் நன்றாகவே போனது. ஒரு நேர்கோட்டில் ஓடும் நுண்துணிக்கை. கோடு முழுக்க அழுத்தம், அதாவது அதன் நிலைச் சக்தி, பூச்சியம், ஒரேயொரு புள்ளியில் மட்டும் அகலமே இல்லாத, அடி காணாத ஒரு பள்ளம்; டெல்டா என்பது அதுதான். அதன் வலிமை α. அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் துணிக்கையை ஒரு நிலையில் கட்டி வைக்கும். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த ஒரு நிலைக்கு மேல் இல்லை. அலைச்சார்பு பள்ளத்தின் மேல் உயர்ந்து நின்று, இரு பக்கமும் அடுக்குக்குறிப்படி இறங்கும்: √κ e^(−κ|x|). நடுவில் அது வளைந்து திரும்பாது, கூராக முறியும். அலைச்சார்பு தொடர்ச்சியானது, அதன் சாய்வு தொடர்ச்சியானதல்ல. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு துண்டைத் தொகையிட்டு, சாய்வு எவ்வளவு பாய்கிறது என்று காட்டினேன். அதிலிருந்து κ = mα/ħ². சக்தி E = −mα²/2ħ². பலகையில் அதைச் சுற்றிப் பெட்டியும் போட்டேன்.

பேராசிரியை ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த நிலையில் இயக்கச் சக்தியின் எதிர்பார்ப்புப் பெறுமானம் என்ன?

எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். இரண்டாம் பெறுதி, அதாவது சாய்வு மாறும் வீதம், அலைச்சார்பின் κ² மடங்கு. முன்னால் −ħ²/2m. ஆக −ħ²κ²/2m. அது நான் பெட்டி போட்ட E-தான்! மகிழ்ச்சியில் அதையும் சொல்லிவிட்டேன்.

அவர் தலையாட்டவில்லை. "இயக்கச் சக்தி மறைப் பெறுமானமா, பூச்சியத்துக்கும் கீழா?" என்றார். கொஞ்சம் விட்டு, "அப்படியானால் அழுத்தச் சக்திக்கு என்ன மிச்சம்?"

பலகைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். அழுத்தத்தின் பங்கு −α பெருக்கல் முனையிலுள்ள |ψ|², அதாவது −ακ. அது 2E. நான் சொன்னதையும் சேர்த்தால் மொத்தம் 3E. பலகையில் பெட்டிக்குள் E. யாரோ நாற்காலியை நகர்த்தினார். முடிந்தது, பஸ் ஏறு என்று மனம் சொன்னது. பலகைப் பேனையை மூடத் தெரியாமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பலகையில் என் படமே கண்ணில் குத்தியது. கூர்முனை. சாய்வு பாய்கிற இடத்தில் இரண்டாம் பெறுதிக்குள்ளும் ஒரு டெல்டா இருக்கிறது. சற்று முன் நானே பாடம் எடுத்த விஷயம்! இரு பக்கச் சரிவையும் கணக்கெடுத்து அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். அது தருவது ħ²κ²/m, அதாவது −2E. சேர்த்தால் இயக்கச் சக்தி −E, நேர்ப் பெறுமானம். அதோடு அழுத்தத்தின் 2E. மொத்தம் E. அதையும் பலகையில் எழுதினேன். பேராசிரியை "நன்றி" என்று மட்டும் சொன்னார்.

வெளியே அண்ணை நின்றார். உள்ளே கூப்பிடுவதற்குச் சில விநாடிகள்தான் இருந்தன.

"என்ன கேட்டவை?" என்றார்.

அவரும் அதே பிழையை விடுவார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் இடம் எனக்கு. மூடத்தான் நினைத்தேன். ஆனால் அந்த 3E-யோடு அவர் தனியாக நிற்பதை நினைக்கப் பொறுக்கவில்லை.

"இயக்கச் சக்தி கேட்டா கூர்முனையை விட்டிடாதேங்கோ அண்ணை. அதிலையும் ஒரு டெல்டா வரும்."

அவர் என்னைப் பார்த்தார். கதவு திறந்தது, போய்விட்டார்.

ஐயோ, கொடுத்துவிட்டேனே என்று வாசலிலிருந்த வாங்கில் உட்கார்ந்து அழாத குறை. அவர் வெளியே வந்ததும் எழும்பினேன்.

"கேட்டவையோ?"

"ஓம்."

"சரியாச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். கேள்வி முடிய முன்னமே கெதியாச் சொல்லிப்போட்டன் போல. இதை நீர்தான் யோசிச்சனீரோ எண்டு அந்த மனிசி கேட்டா. இல்லை, முன்னம் போன பிள்ளை வாசலிலை சொன்னது எண்டனான்."

"உங்களுக்கு விசரோ?" நான் கத்தியே விட்டேன். "இனி என்னையும் சேர்த்தெல்லோ வெட்டப்போகினம்!"

அவர் முகம் வெளிறிப்போனது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. "பொய் வரேல்லை" என்றார்.

முடிவு வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொலைபேசி அடித்தால் ஓடிப்போய் எடுத்தேன். எதிர் மேசையில் அவர் இருந்தார், இருவரும் கதைக்கவில்லை. கடைசியில் துறைத் தலைவர் என்னை மட்டும் கூப்பிட்டார். வாசலில் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றாக ஏசினார். ஏசி முடித்துவிட்டு, இடம் உனக்குத்தான் என்றார்.

அறைக்குத் திரும்பினேன். அண்ணை புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நல்லது," என்றார். "நான் அதைக் கண்டிருக்க மாட்டன். நீர் கண்டனீர்."

பயம் அன்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன்; இனி எதிர் மேசை வெறுமை என்ற புதுப் பயம் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதது வேலை கிடைத்த நான்தான்.