கொப்பியில் நிறுத்த வட்டி

பாலாவியில் உப்பு லொறிகளை நிறுக்கும் அலோசியஸுக்கு அடுத்தவன் கணக்கில் நம்பிக்கையே கிடையாது. வீட்டுக் கடன் எடுத்த வங்கியையும் அவர் விடவில்லை. கட்டட வேலை நகர நகரப் பணம் பகுதி பகுதியாக வரும். வீடு முடிந்து மாதத் தவணை தொடங்கும்வரை, வந்த பணத்துக்கு மட்டும் வட்டி. அந்த வட்டிப் பதிவுகளை அவர் மாதாமாதம் கொப்பியில் எழுதி வைத்தார்.

கூரைக்கான பதினைந்து இலட்சம் ஜூலை பத்தாம் திகதிதான் வந்தது. வங்கியோ முதலாம் திகதியிலிருந்தே வட்டி போட்டிருந்தது. ஒன்பது நாளுக்கு நாலாயிரத்து நானூற்று முப்பத்தெட்டு ரூபாய் கூடுதல்! செப்டெம்பரில் கொப்பியோடு போய் வங்கியே அதிரச் சத்தம் போட்டார்.

கடன் பிரிவு அதிகாரி முஃப்லிஹா கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"ஓம் சேர், எங்கட பிழைதான். திருப்பிப் போடுறம்."

பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"ஆகஸ்ட்ல இந்தப் பதினஞ்சு லட்சத்துக்கு வட்டியே விழல்லையே. பதினையாயிரத்து இருநூத்தி எண்பத்தேழு ரூபா. நீங்க காணல்லையா?"

கண்டிருந்தார். கூடியதற்குத்தான் சண்டை, குறைந்ததைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

"நல்ல காலம் சேர், நீங்க கொப்பி எழுதி வெச்சீங்க," என்றாள் முஃப்லிஹா. "இல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."