எட்டுப் பேருக்கு நான்கு சுற்று

துறைத்தலைவரின் அறையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். துறைத்தலைவர் அம்மையார், எங்களுக்கு வரைபடக் கோட்பாடு எடுத்த விரிவுரையாளர், நான். மேசைமேல் என் ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. யாரைப் பற்றி அங்கே பேசினார்களோ அவள் மட்டும் இல்லை. அவளைக் கூப்பிடவே இல்லை. எங்கள் வகுப்பின் மற்ற ஆறு பேருக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது.

எம்.எஸ்ஸி. கணிதம் கடைசிப் பருவம். அந்த விருப்பப் பாடத்தை எடுத்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். என் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் கிடையாது. அதனாலோ என்னவோ, ரெக்கார்டு நோட்டை நான் சாமி படத்தைப் போல வைத்திருப்பேன். கோடுகள் பென்சிலில், எண்கள் நீல மையில், விடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வகுப்பிலேயே சுத்தமான நோட்டு என்னுடையது. அதனால்தான் விரிவுரையாளர் என்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"இந்தக் கணக்க மேடத்துக்கு வெளக்கிச் சொல்லுப்பா," என்றார்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. பெருமையாகத்தான் விளக்கினேன். இன்றைக்கும் என்னை முதலில் உறுத்துவது அந்தப் பெருமைதான்.

கணக்கு இதுதான். ஒரு சிறு நட்பு வட்டத்தில் யாருக்குச் செல்வாக்கு அதிகம்? நண்பர்களை எண்ணினால் மட்டும் போதாது, அந்த நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் பார்க்க வேண்டும். செல்வாக்குள்ளவர்களோடு பழகுகிறவனுக்கே செல்வாக்கு. இதற்கு ஐகன்வெக்டர் மையத்தன்மை என்று பெயர். கையால் போடுவது எளிது. எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று என்று மதிப்புக் கொடு. அடுத்த சுற்றில் ஒவ்வொருவருக்கும் அவருடைய நண்பர்களின் மதிப்பைக் கூட்டி எழுது. வந்த எண்களை வைத்துத் திரும்பவும் கூட்டு. சுற்றுக்குச் சுற்று எண்கள் பெருகும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஓர் இடத்தில் நிலைத்துவிடும். அந்த விகிதம்தான் விடை.

பயிற்சிக்கு எங்கள் எட்டுப் பேரையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் விரிவுரையாளர். "ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாராண்ட போய்ச் சொல்லுவீங்க, எழுதிக் குடுங்க" என்று துண்டுச் சீட்டு வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் எழுதியிருந்தால்தான் அது நட்பு. அப்படி ஏழு நட்புகள் தேறின. எனக்கு நான்கு பேர்: என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் மூன்று பையன்கள், பிறகு அவள். அவளுக்கு மூன்று பேர்: நான், அவளோடு விடுதியில் இருந்த இரண்டு பெண்கள். அந்த இருவரில் ஒருத்திக்கு மட்டும் கூடுதலாக ஒரு நண்பன், வைத்திக்குப்பத்துப் பையன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவனுக்கு அந்த விடுதிப் பெண் ஒருத்திதான்.

"நாலு சுத்து போட்டா போதும், பரீட்சைல அதுக்கு மேல நேரம் இருக்காது" என்று விரிவுரையாளர் பலகையில் எழுதியிருந்தார். நானும் நான்கோடு நிறுத்தினேன். நான்காம் சுற்றில் அவளுக்கு 35, எனக்கு 31. முப்பத்தைந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அப்போ க்ளாஸ்ல எல்லாரையும் ஆட்டி வெக்கிறது இந்தப் பொண்ணுதான்," என்றார் துறைத்தலைவர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முந்தின வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு நாங்கள் எட்டுப் பேருமே போகவில்லை. ஐந்து அலகில் இரண்டை விரிவுரையாளர் நடத்தவே இல்லை. அந்த இரண்டிலிருந்துதான் கேள்வி வரும் என்று முதல் நாள் மாலை அறிவித்தார். மறுநாள் தேர்வு நேரத்தில் நாங்கள் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். எட்டுப் பேருக்கும் பூஜ்யம் போட்டால் பல்கலைக்கழகம் ஏன் என்று கேட்கும். நடத்தாத அலகுகள் வெளியே வரும். ஒருத்திக்கு மட்டும் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். என் நோட்டு அதைக் கொடுத்தது.

"மேடம், அது பயிற்சிக்குப் போட்டது. யாரு மொதல்ல சொன்னாங்கன்னு இதுல தெரியாது," என்றேன்.

"கணக்கு பொய் சொல்லுமா? நீயே போட்டதுதானே?" என்றார் அம்மையார். விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அந்த வைத்திக்குப்பத்துப் பையன்தான். "நடத்தாதத எழுத நான் வரல, நீங்க இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க" என்று தன் ஒரே தோழியிடம் சொன்னான். அந்தத் தோழி அதை, இப்போது மாட்டியிருக்கும் இவளிடம் சொன்னாள், இவள் மற்ற விடுதித் தோழியிடமும் என்னிடமும் சொன்னாள், நான் பஸ்ஸில் மூன்று பேரிடம் சொன்னேன். ஒரே மாலையில் எட்டுப் பேருக்கும் போய்ச் சேர்ந்தது. என் நோட்டில் அவனுக்கு 9. எட்டுப் பேரில் கடைசி.

அவளுக்கு இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. அவள் அப்பா வேலை பார்த்த ஆலை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. நகரத்தில் ஒரு தனியார் பள்ளி, ஜூனில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக்கூடாது. அகமதிப்பீட்டில் பூஜ்யம் என்றால் அந்தத் தாள் போச்சு. தாள் போனால் வேலை போச்சு.

விஷயத்தை அவளிடம் நான்தான் சொன்னேன். கல்லூரி வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தாள்.

"நான் இன்னாடா பண்ணேன்? நீ சொன்னியா நான்தான்னு?"

"நான் சொல்லல. என் நோட்டு சொல்லிச்சு."

"ஒன் நோட்டுக்கு வாய் வேற இருக்குதா?" என்றாள். சிரிக்கவில்லை. "சரி பாத்துடு. கூட்டல்லயாவது எங்கியாவது தப்பு பண்ணியிருப்ப. எப்பவும் பண்ணுவியே."

வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டினேன். கூட்டலில் தப்பு இல்லை. ஆத்திரத்தில் ஐந்தாவது சுற்றையும் போட்டேன். எனக்கு 92, அவளுக்கு 61. ஆறாவது: அவளுக்கு 171, எனக்கு 154. பழைய பக்கத்தைப் புரட்டினேன். முதல் சுற்றில் எனக்கு 4, அவளுக்கு 3. இரண்டாவதில் எனக்கு 6, அவளுக்கு 7. மூன்றாவதில் எனக்கு 19, அவளுக்கு 13. ஒற்றைப்படைச் சுற்றில் எல்லாம் நான், இரட்டைப்படையில் எல்லாம் அவள். அந்த எண்களை என் கையால்தான் எழுதியிருந்தேன். போகப் போக நிலைத்துவிடும் என்று நம்பி, பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தேன். எத்தனை சுற்று போட்டாலும் அது நிலைக்காது.

ஏன் என்று படம் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. நானும் அவளுடைய விடுதித் தோழிகள் இருவரும் ஒரு பக்கம், அவளும் மற்ற நால்வரும் மறுபக்கம் என்று பிரித்தால், ஏழு நட்பும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறது. ஒரே பக்கத்துக்குள் ஒரு நட்புகூட இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கத்து மதிப்பு முழுக்க அந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கத்தது இங்கே வருகிறது. இங்கே மூன்று பேர், அங்கே ஐந்து பேர். ஏற்றத்தாழ்வு தீராமல் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு மாற்று புத்தகத்திலேயே இருந்தது. நண்பர்களின் மதிப்போடு தன் சொந்த மதிப்பையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். சேர்த்துக் கூட்டினேன். ஊசலாட்டம் நின்றது. எனக்கு 5, அவளுக்கு 4. பிறகு 15, 14. பிறகு 50, 44. பிறகு 160, 142. எந்தச் சுற்றிலும் முதலிடம் மாறவில்லை. கடைசியில் எனக்கு நூறு என்றால் அவளுக்கு எண்பத்தைந்து பக்கமாக நிற்கும்.

சரியான கணக்கின்படி முதல் ஆள் நான்தான்.

இதை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் மூன்று பையன்களிடமும் சொன்னேன். "பைத்தியமாடா நீ? ஒன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிற" என்றான் ஒருவன். இன்னொருவன், "மச்சான், அந்த நோட்ட கடல்ல போட்டுட்டு வேற வேல பாரு" என்றான். ஆனால் அவள் பேருக்குச் சிவப்பு வட்டம் போட்டது என் கை. தப்பு என் கணக்கில். அதைத் திருத்தினால் தீர்ப்பும் திருந்தும் என்று நம்பினேன். படித்தவர்கள் கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள் என்பதுதான் நான் கல்லூரிக்கு வரும்போது கொண்டுவந்த ஒரே நம்பிக்கை.

துறைத்தலைவர் முழுவதையும் கேட்டார். விரிவுரையாளர் காகிதத்தை வாங்கி இரண்டு சுற்றைத் தானே கூட்டிப் பார்த்தார். "பையன் சொல்றது சரிதான் மேடம். நாலோட நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்போ நாலாவது சுத்துல அவ, அஞ்சாவது சுத்துல நீ," என்றார் அம்மையார்.

"இல்ல மேடம். அந்த முறையே இந்த வட்டத்துக்குப் பொருந்தாது. அதோட, செல்வாக்கு இருக்கிறதால தப்புப் பண்ணாங்கன்னு ஆவாது. எட்டுப் பேரும்தான் வரல. நடத்தாத பாடத்துல..."

"ரெண்டு பேருமே மொத எடத்துல வர்றீங்க இல்ல? ஒத்துக்கிட்டதுக்கு சந்தோஷம்."

மேசைமேல் இருந்த பட்டியலில் அவள் எண்ணுக்குக் கீழே என் எண்ணையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனா மூடியைத் திருகினார். நடத்தாத இரண்டு அலகுகளைப் பற்றி அதற்குமேல் அந்த அறையில் யாரும் பேசவில்லை. விரிவுரையாளர் என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "நல்லா கண்டுபிடிச்சப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பாராட்டை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

வைத்திக்குப்பத்துப் பையன் மறுநாள் அவளைத் தேடி வந்தான். முதல் தடவையாக அவன் நீளமாகப் பேசிக் கேட்டேன். தான் போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னான்.

"போய்ச் சொல்லு. இப்ப ரெண்டு பேரு, அப்புறம் மூணு பேரு ஆவோம், அவ்ளோதான்," என்றாள் அவள். "நீ பாஸ் பண்ணிட்டுப் போ. யாராவது ஒழுங்கா வெளியில போவணும் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்குடா போன?"

"கணக்கு தப்பு."

"கணக்கு தப்பில்லடா. அத அவங்க கையில குடுத்தோம் பாரு, அதான் தப்பு."

ஜூனில் அந்தப் பள்ளி வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. நவம்பரில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த பெஞ்சில் முன்பின்னாக உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்ப எழுதினோம். நடத்தாத அலகுகளிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. மறுதேர்வுக் கட்டணமும் அபராதமும் ஆளுக்கு அறுநூற்று நாற்பது, இருவருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று எண்பது. அந்தப் பள்ளி தருவதாகச் சொன்ன சம்பளம் மாதம் இரண்டாயிரத்து இருநூறு. அவள் வேறு வேலையில் சேரப் பத்து மாதம் ஆனது. அது இருபத்திரண்டாயிரம். கட்டியதும் போனதுமாக மொத்தம் இருபத்து மூவாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.