ஒன்றரையும் ஒன்றரையும்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். விழுப்புரத்தில் ரேடியோக் கடை வைத்திருந்தபோது, பழுதுக்கு வந்த செட்டை விட அதைக் கொண்டுவந்தவரைத்தான் முதலில் ஆராய்வேன்.

அறுபதுகளின் கடைசியில் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு கருவி செய்து கொடுத்தேன். அங்கே விநாடிக்கு நூற்றைம்பது முறை அதிரும் இசைக்கவை ஒன்று இருந்தது; ஒவ்வொரு அதிர்விலும் அது ஒரு தொடுமுனையைத் தொட்டு விலகி ஒரு மின்துடிப்பு தரும். அதன் துடிப்பை மூன்றால் வகுத்து, ஐம்பதாக்கி, டிரான்ஸ்பார்மர் வழியாகச் சிறு மோட்டாரை ஓட்டவேண்டும். இரண்டால் வகுப்பது சுலபம், ஏற்றமும் இறக்கமும் தானாகவே சமமாகிவிடும். மூன்று வம்பு பிடித்தது. வெளிவரும் அலை ஒரு துடிப்பு நேரம் மேலே, இரண்டு துடிப்பு நேரம் கீழே என்றுதான் இருக்கும். எனக்கு ஒன்றரை, ஒன்றரை வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பக்கமும் மாறிமாறி இழுக்கும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று கூடுதலாக உழைத்துச் சூடேறும். ஆகவே உள்ளே வரும் அலை இறங்கும் நேரத்தில் இயங்கும் இன்னொரு சுற்றைச் சேர்த்து, அந்த ஒற்றைத் துடிப்புக்கு அரைத் துடிப்பு பிந்திய நகல் எடுத்தேன். இரண்டையும் சேர்த்தால் ஒன்றரை. கடையில் என் சிக்னல் ஜெனரேட்டரைக் கொடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட்டில் மீட்டர் முள் சரியாக ஆறில் நின்றது; பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே என்று அர்த்தம்.

திண்டிவனத்தில் ஒரு வாரத்திலேயே ஒரு டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாதபடி சுட்டது. ஆய்வக உதவியாளர் தற்காலிக வேலையில் இருந்தவர். அவர்தான் நல்லதைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். கேட்டதும் அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். மடியில் கனமில்லாதவன் இப்படிச் செய்வானா என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். பேராசிரியருக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டேன்.

பிறகு மாற்று டிரான்சிஸ்டரைப் போட்டேன். அதுவும் சுட்டது. வெளிவரும் அலைக்கு மீட்டர் முள் ஐந்தே முக்காலைக்கூட எட்டவில்லை.

"மூணால வகுக்கறது சரியாத்தான் சார் இருக்குது, மோட்டார் ஒழுங்கா ஓடிக்கினுதான இருக்குது? உள்ள வர்றதப் பாத்தீங்களா?" என்றார் உதவியாளர்.

பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். இசைக்கவை முனை தொட்டிருக்கும் நேரம் குறைவு, விலகியிருக்கும் நேரம் அதிகம். உள்ளே வரும் அலைக்கு முள் ஐந்தைக்கூடத் தொடவில்லை. என் அரைத் துடிப்பு அரையாகவே இல்லை! வரும் அலை சமமாக இருந்தால்தான் என் கணக்கு நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தொடுமுனைத் திருகை மெல்லத் திருப்பி உள்ளே ஆறாக்கினேன். வெளியேயும் ஆறு. சூடு தணிந்தது.

வெட்கத்தோடு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் புகாரைப் படித்து, உதவியாளருக்குப் பதிலாக வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருந்தார். தவறு என்னுடையது என்றேன்.

"வாயால சொன்னா போதாதுங்க, எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். உதவியாளரின் வேலை போகாமல் தப்பியது.

அதன்பின் நான் அங்கே போகும்போதெல்லாம் அந்த உதவியாளர், "இருங்க சார், வர்றேன்" என்று சொல்லி, இன்னொருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பிறகுதான் என் முன்னால் பெட்டியைத் திறப்பார்.