இழுப்பு அடங்கிய வீடு

ஐயா வீட்டில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. சற்று நின்று காது கொடுத்தால் போதும். அவருடைய நெஞ்சின் இழுப்பு விறாந்தையிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ கேட்கும். எனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் அவருக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா, இருந்தது. அவர் தலைமை ஆசிரியராக இருந்தபோது, வகுப்புக்குள் தாம் போக முன்பே இழுப்பு உள்ளே போய்விடும் என்றும், அதனால் குழப்படிக்காரப் பெடியள் ஒருவரும் கையில் அகப்பட்டதில்லை என்றும் சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு, முட்டு வருகிற நாள், வராத நாள் என்ற வேறுபாடு இல்லாமல் போயிற்று. சுருட்டை விட்டார், ஆனால் சுருட்டு அவருடைய நெஞ்சை விடவில்லை.

அம்மா காலமானபின் அந்த வீட்டில் நானும் ஐயாவும் என் முதற் குழந்தையும்தான். என் கணவருக்குக் கொழும்பில் கந்தோரில் கிளாக்கர் வேலை. லீவு கிடைத்தால் றெயிலேறி வருவார். பக்கத்து வளவிலிருந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சமையலுக்கு உதவியாக வந்துபோவார்.

ஐயா படுத்தால் மூச்சு முட்டும். மேசையில் தலையணையை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றிக் குனிந்தபடி இரவைக் கழிப்பார். அவருடைய இருமலில் குழந்தை எழும்பும். குழந்தையின் அழுகையில் நான் எழும்புவேன். குழந்தை வளர்ப்பைப் பற்றி மிஷன் பள்ளியில் படித்ததையெல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தவள் நான். "ஓமோம், படிச்ச பிள்ளையெல்லே! மணிக்கூடு சொன்னாத்தான் பால் சுரக்கும்" என்று சின்னம்மா நையாண்டி செய்வார். அந்த மணிக்கூட்டுக்கும் ஐயாவின் இருமலுக்கும் இடையில் எனக்கு நித்திரை இல்லை. இந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். ஐயாவுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்டேனா, எனக்கு நித்திரை வேண்டும் என்று கேட்டேனா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்ட சொல் 'நிற்கவேண்டும்' என்பதுதான்.

ஒருமுறை லீவில் வந்தபோது என் கணவர் ஒரு சிறிய போத்தலைக் கொண்டுவந்தார். அவருடைய கந்தோரில் பெரியவர் ஒருவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையாம், தூக்க மாத்திரை. அதையே கேட்டு வாங்கியிருக்கிறார்.

"மாமா, படுக்கமுன்னம் ஒண்டு போடுங்கோ. விடியக் கோழி கூவினதும் தெரியாது."

"கோழி கூவுறது தெரியாட்டிப் பரவாயில்லைத் தம்பி, நான் கூவுறது மற்றவைக்குத் தெரியாமல் இருந்தாப் போதும்" என்றார் ஐயா.

கணவர் என்னைத் தனியே அழைத்து, "நீர் மறக்காமல் நாளாந்தம் குடும். எத்தினை வருசம் நித்திரையில்லாமல் இருக்கிறார் பாவம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் மறக்கவில்லை. சொன்னதை மறக்காமல் செய்வதுதான் என்னிடமிருந்த ஒரே திறமை.

முதல் நாள் விடிந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தை கிடந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐயா சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. சின்னம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். "முட்டு அடங்கிட்டுது பிள்ளை! எழுப்பிப் போடாதை. வருத்தக்காரன்ரை நித்திரையை முறிக்கப்படாது."

நான் எழுப்பவில்லை. அடுத்த நாளும் எழுப்பவில்லை. 'அடங்கிட்டுது' என்ற அந்தச் சொல்லை நானும் எடுத்துக்கொண்டேன். வேலியால் எட்டிச் சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

அந்த நாட்களில் நான் கண்டவை எல்லாம் எனக்கு நல்ல அடையாளங்களாகவே பட்டன. இருமல் நின்றது. துப்புகிற படிக்கத்தில் சளி இல்லை. உள்ளங்கை முன்னில்லாதபடி சூடாக இருந்தது. இரத்தம் ஊறுகிறது என்று நினைத்தேன். உதடு கறுத்து நீலம் பாரித்திருந்தது. வெற்றிலைக் காவி என்று நினைத்தேன். அவர் வெற்றிலை போடவே மறந்து போயிருந்தார் என்பதை நான் சேர்த்து யோசிக்கவில்லை. காலையில், "தலை இடிக்குது பிள்ளை" என்பார். கனநாளைக்குப் பிறகு நித்திரை கொள்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும் என்று கோப்பி கொடுத்தேன். கோப்பையைப் பிடித்த கை உதறியது. போகப்போக மத்தியானமும் கதிரையில் தூங்கினார். மடியிலிருந்த பத்திரிகை விழுந்தால் எடுப்பதில்லை. நானும் குழந்தையோடு படுத்துத் தூங்கினேன். அத்தனை இனிமையான நித்திரை அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றவையெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தக் கிழமை குழந்தையை நிறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டொக்டர் அம்மா என் பிரசவம் பார்த்தவர்; ஐயாவின் நெஞ்சையும் பல வருடங்களாகப் பார்த்தவர். நிறை சரியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "தாயும் தேறியிருக்கிறா. ஐயா எப்பிடி?" என்றார்.

"முட்டு அடங்கிட்டுது டொக்டர். இருமலே இல்லை. எழுப்பினாலும் எழும்புறாரில்லை, அப்பிடியொரு நித்திரை!"

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"எழுப்பினா எழும்புறாரில்லையோ? பிள்ளை, அடங்கினது முட்டோ, மூச்சோ?"

எனக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. விளங்கியபோது குளிசையைப் பற்றிச் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, தம்முடைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஐயா கதிரையில் கிடந்தார். டொக்டர் அம்மா தோளைப் பிடித்து உலுக்கிக் கூப்பிட்டார். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தது. என்னைப் பார்த்து, காலமான என் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சரும், பள்ளிக்கு நேரம் போச்சோ?" என்றார். மறுபடி கண் மூடிக்கொண்டது. நெஞ்சு மெல்ல, மேலாகமட்டும், அசைந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் காத்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் அம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "காத்துப் போய் வந்தாத்தான் பிள்ளை இழுப்புக் கேக்கும். இஞ்சை போறதே குறைவு."

"நித்திரைக்குத்தானே குடுத்தனான், டொக்டர்..."

"மூச்சை விடு, விடு எண்டு எங்களை ஏவிக்கொண்டிருக்கிறது மூளை. உந்தக் குளிசை அந்த இடத்தையும் மந்தமாக்கிப் போடும். நல்ல நெஞ்சுக்காரர் ஒரு குளிசை போட்டாலும் தப்புவினம். இவரின்ரை நெஞ்சு இறுகின நெஞ்சு. மூளை இரவு பகலா ஏவி ஏவித்தான் இவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர். அந்த ஏவல் குறைஞ்சுது. கெட்ட காத்து வெளியிலை போகாமல் ரத்தத்திலை தங்குது. அது தங்கத் தங்க இன்னும் நித்திரை வரும். இருமலும் இல்லை எண்டால் சளி உள்ளுக்குத்தான் கிடக்குது."

"நாளுக்கு ஒண்டுதான் குடுத்தன்."

"நேற்றையான் குளிசை உடம்பை விட்டுப் போகமுதல் இண்டையான் வந்திடும். ஒண்டுக்கு மேலை ஒண்டாச் சேருற குளிசை இது."

ஊசி போட்டு, ஆட்களைப் பிடித்து ஐயாவைக் காருக்குத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் தலையணைகளை அடுக்கி இருத்தி வைத்தார்கள். மயங்க விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும், இருமச் சொல்ல வேண்டும், முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். அதை நானும் சின்னம்மாவும் மாறிமாறிச் செய்தோம். நித்திரையை முறிக்கப்படாது என்ற சின்னம்மாவே, "அத்தான், கண்ணை முழியுங்கோ! மருமேன் வந்திருக்கிறார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார்!" என்று வாயில் வந்த பொய்யையெல்லாம் சொல்லி எழுப்பினார்.

குளிசை இறங்க நாட்கள் பிடித்தன. ஒரு காலை ஐயா பெரிதாக இருமினார். பிறகு அவருடைய நெஞ்சிலிருந்து பழைய இழுப்புக் கேட்டது. நான் வார்ட்டிலே நின்று அழுதேன்.

"இழுக்குது எண்டு அழுதாய். இழுக்கேல்லை எண்டு அழுதாய். இப்ப என்ன?" என்றார் சின்னம்மா. அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது.

ஐயா வீட்டுக்கு வந்தார். முட்டுக்கென்று முன்பே கொடுத்திருந்த குளிசை ஒன்று நித்திரையைக் கெடுக்கக்கூடியதாம். அதை அந்தியில் போடாமல் மத்தியானத்தோடு நிறுத்தச் சொன்னார் டொக்டர் அம்மா. அதனால் கொஞ்சம் குணம் தெரிந்தது. ஆனால் நல்ல நித்திரையின் ருசி கண்டவர் அதை மறக்கவில்லை.

"பிள்ளை, அரைக் குளிசை. அரையாலை என்ன வரும்?"

"வேண்டாம் ஐயா."

"உன்ரை கொம்மாவும் இப்பிடித்தான். இல்லையெண்டால் இல்லைத்தான்."

பள்ளிக்கூடத்தையே தன் சொல்லில் நடத்திய மனிதர் என்னிடம் அரைக் குளிசைக்குக் கெஞ்சினார். மேசையில் குனிந்திருக்கும் அந்த முதுகைப் பார்க்கும்போது, அரை கொடுத்தால் என்ன, கால் கொடுத்தால் என்ன என்று என் மனமும் கேட்கும். கொடுத்தபோதும் குற்றம் செய்தேன், கொடுக்காமலும் குற்றம் செய்கிறேன் என்று இருந்தது. போத்தலில் மிச்சமிருந்ததை மலசலகூடக் குழியில் கொட்டினேன். ஐயாவுக்கு இரக்கப்பட்டு நானே ஒருநாள் கொடுத்துவிடுவேன் என்ற பயத்தில்தான் கொட்டினேன்.

நடந்ததைக் கணவருக்கு நான் தெரிவிக்கவில்லை. அவருடைய அன்பு அவரையே சுட்டுவிடும் என்று நினைத்தேன். அடுத்த லீவில் வந்தவர், உடுப்பு மாற்ற முன்பே விறாந்தைக்குப் போனார்.

"எப்பிடி மாமா குளிசை? நித்திரை வருகுதோ?"

ஐயா என்னைப் பார்த்தார். "அது என்ரை வாய்க்கு ஒத்து வரேல்லைத் தம்பி. ஒரே கைப்பு."

"விழுங்கிறதுக்கு வாய் ருசி என்னத்துக்கு மாமா!" கணவர் சிரித்தார். ஆனால் முகம் கொஞ்சம் வாடியது. "பரவாயில்லை. இதைவிட நல்லது ஒண்டு வந்திருக்காம். அடுத்தமுறை கொண்டு வாறன்."

ஐயா மறுக்கவில்லை. மருமகன் மனம் நோகக்கூடாது என்று இருந்தாரா, அந்த நித்திரையை இன்னும் விரும்பினாரா, எனக்குத் தெரியாது.

"வேண்டாம்" என்றேன் நான். "கொண்டு வராதேங்கோ. அந்தக் குளிசையாலை ஐயாவுக்கு மூச்சு நிக்கப் பார்த்தது. ஆஸ்பத்திரியிலை கிடந்தவர்."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகவும் மருமகனுக்காகவும் அவர் கட்டிய சிறு பொய்யை நான் இடித்துவிட்டேன். கணவர் குரல் எழும்பாமல் கேட்டார்: "நீர் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"பிள்ளை, தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வா" என்று ஐயா என்னை அங்கிருந்து அனுப்பினார்.

குசினியில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விறாந்தையில் இழுப்பு மட்டும் போய் வந்தது. நான் திரும்பிப் போனபோது கணவர் ஐயாவின் கதிரைக்குப் பக்கத்தில், நிலத்தில் குந்தியிருந்தார். தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார்.

அந்த லீவு முழுவதும் அவர் வளவில் எந்த வேலையாக இருந்தாலும் இடையில் கையை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். இழுப்புக் கேட்டதும் மறுபடி வேலையைத் தொடங்குவார். அந்தப் பயத்தை அவருக்கும் கொடுத்துவிட்டேனே என்று, அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.